கலப்பு இன்வெர்ட்டரின் இயங்கு முறைகள்

கலப்பு இன்வெர்ட்டர் என்பது சூரியத் தகடுகள், மின்கல அடுக்கு (பேட்டரி), மின்வாரியத்தின் மின்கம்பி ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் இணைத்து, வீட்டுக்கோ தொழிற்கூடத்துக்கோ மின்சாரம் வழங்கும் கருவி ஆகும். இம்மூன்றில் எதிலிருந்து எப்பொழுது மின்சாரம் எடுப்பது, எஞ்சியதை எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் விதித்தொகுப்பு இயங்கு முறை எனப்படுகிறது. தற்பயன்பாட்டு முறை, மின்கல முன்னுரிமை முறை, மின்வாரிய முன்னுரிமை முறை ஆகியவை பரவலாகக் காணப்படும் மூன்று முறைகள் ஆகும்.

எந்த முறை சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. அது கருவியைக் காட்டிலும், கருவிக்கு வெளியே உள்ள மின்மானி எவ்வாறு கணக்கிடுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம் இதனை விளக்க ஏற்ற இடமாகும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இவ்வூரைச் சுற்றி சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. இங்கு மகிழுந்து ஆலைகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டு முதல் சூரியத் தகடு ஆலை ஒன்றும் இயங்குகிறது. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலை, தாழ்வழுத்த இணைப்பில் இயங்கும் சிறு பட்டறை, வணிக இணைப்பு பெற்ற உணவகம், தொழிலாளர் குடியிருக்கும் வீடு ஆகிய அனைத்தும் இங்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே வகை இன்வெர்ட்டரை இந்நால்வரும் வாங்கினாலும், நால்வருக்கும் ஒரே முறை பொருந்தாது.

முறை எதனை மாற்றுகிறது?

"முன்னுரிமை" என்ற சொல் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. சூரியத் தகடு 2 கிலோவாட் தந்துகொண்டிருக்கும்போது வீட்டில் 1 கிலோவாட் செலவானால், தற்பயன்பாட்டு முறையில் இருந்தாலும் வெளியே அனுப்பும் மின்வாரிய முன்னுரிமை முறையில் இருந்தாலும் அந்த 1 கிலோவாட் வீட்டிலேயே செலவாகும். மின்னோட்டம் அருகிலுள்ள சுமைக்குச் சென்ற பின்னரே எஞ்சியது மின்மானியைக் கடந்து வெளியே செல்லும். எனவே மின்வாரியத்துடன் இணைந்து இயங்கும் கலப்பு இன்வெர்ட்டரில் முறையை மாற்றும்போது உண்மையில் மாறுவது மின்கலத்தின் நடத்தையே ஆகும். உபரி மின்சாரம் முதலில் மின்கலத்துக்குச் செல்கிறதா, மின்வாரியத்துக்குச் செல்கிறதா? மின்கலம் எப்பொழுது வெளியேற்றம் செய்யலாம்? மின்வாரிய மின்சாரத்தைக் கொண்டு மின்கலத்தை மின்னேற்றலாமா? இம்மூன்று வினாக்களுக்கான விடைகளின் சேர்க்கைக்கு இடப்பட்ட பெயரே ஒரு முறை.

தற்பயன்பாட்டு முறையில் சூரிய மின்சாரம் சுமைக்குப் போக, உபரி மின்கலத்துக்குச் செல்கிறது. மின்கலம் நிறைந்த பின்னரே மிச்சம் மின்வாரியத்துக்குச் செல்லும். மாலையில் வெயில் குறைந்தவுடன் மின்கலம் வெளியேற்றத்தைத் தொடங்கி, குறித்த எல்லைக்கு வற்றும்வரை வீட்டுச் சுமையைத் தாங்கும். அதன் பிறகே மின்வாரியத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்படும்.

மின்கல முன்னுரிமை முறையில் மின்கலத்தை நிறைந்த நிலையில் வைத்திருப்பதே நோக்கம். சூரிய மின்சாரம் முதலில் அங்கே செல்லும். பயனர் அனுமதித்திருந்தால் மின்வாரிய மின்சாரமும் அதை நிரப்பும். மின்வாரிய வழங்கல் இருக்கும்வரை மின்கலம் பொதுவாக வெளியேற்றம் செய்யாது, மின்தடைக்காகக் காத்திருக்கும்.

மின்வாரிய முன்னுரிமை முறையில் உபரி முதலில் வெளியே விற்கப்படுகிறது. சில கருவிகளில், குறித்த நேரங்களில் மின்கலத்தில் உள்ளதும் சேர்த்து அனுப்பப்படும்.

பெயர்க் குழப்பம்

மூன்றாவதாகக் கூறிய பெயரில் ஒரு பொறி உள்ளது. மின்வாரிய முன்னுரிமை என்பது, மின்வாரியத்துக்கு முதலில் கொடு என்றும் பொருள்படும்; மின்வாரியத்திலிருந்து முதலில் எடு என்றும் பொருள்படும். இரண்டு பொருளிலும் கருவிகள் சந்தையில் உள்ளன.

குரோவாட் நிறுவனக் கருவிகளில் Load First, Battery First, Grid First என மூன்று தெரிவுகள் திரையில் தோன்றும். இங்கு Grid First என்பது வெளியே அனுப்புவதைக் குறிக்கும். சோலிஸ் கருவிகளில் இதற்கு நிகரானது Feed-in Priority என்றும், தற்பயன்பாட்டு முறை Self-Use என்றும் குறிக்கப்படுகின்றன. மாறாக, மின்வாரியத்துக்குத் திருப்பி அனுப்பும் வசதியை முதன்மையாகக் கொள்ளாத ஆக்ஸ்பெர்ட் வகைக் கருவிகளில் Utility first என்ற தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் வீட்டுச் சுமை முழுவதும் மின்வாரிய மின்சாரத்தில் ஓடும். மின்வாரியம் தடைபட்டால் மட்டுமே சூரிய மின்சாரமும் மின்கலமும் சுமைக்கு வரும். அதே கருவியில் SBU எனக் காட்டப்படும் தெரிவு சூரியன், மின்கலம், மின்வாரியம் என்ற வரிசையைக் குறிக்கும்.

தமிழ்நாட்டுப் பயனர்களுக்கு இரண்டாவது பொருளே இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2012-ஆம் ஆண்டை ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வீடுகளில் புகுந்த சாதாரண இன்வெர்ட்டர்கள் அனைத்தும் அவ்வாறே இயங்கின. மின்சாரம் இருக்கும்போது அதை அப்படியே கடத்திவிட்டு, போனால் மட்டும் மின்கலத்துக்கு மாறின. அந்தப் பழக்கத்தில் கலப்பு இன்வெர்ட்டரை Grid First முறையில் வைப்பவர், மின்தடைக்காக மின்கலம் நிறைந்திருக்கும் என எதிர்பார்க்கிறார். கருவியோ அதனை வெளியே அனுப்பி வற்றவைத்திருக்கும். ஆகவே முறையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கையேட்டில் உள்ள மின்னோட்டப் படத்தில் அம்புக்குறி எத்திசையில் செல்கிறது எனப் பார்த்தலே பாதுகாப்பானது.

மின்மானியும் முறைத் தெரிவும்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூரிய மின்னாக்க ஒழுங்குமுறைகள், வீட்டுப் பயனர்களுக்கு நிகர அளவீட்டையும், வணிகம், தொழில் முதலிய பிற தாழ்வழுத்தப் பயனர்களுக்கு நிகர ஊட்டு முறையையும் வகுத்தன. இரண்டும் ஒலிப்பில் நெருக்கமானவை. விளைவில் மிகவும் வேறுபட்டவை.

நிகர அளவீட்டில், வெளியே அனுப்பிய ஓர் அலகு (யூனிட்) உள்ளே எடுத்த ஓர் அலகைக் கழிக்கிறது. பகலில் கொடுத்ததை இரவில் அதே மதிப்பில் திரும்பப் பெறலாம். நிகர ஊட்டு முறையிலோ, எடுத்த அலகுக்கு முழுக் கட்டணமும், கொடுத்த அலகுக்கு அதனினும் குறைவான, ஆணையம் நிர்ணயித்த விலையும் கணக்கிடப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரகடத்தில் மாடியில் 3 கிலோவாட் தகடும், 5 கிலோவாட்-மணி அளவுள்ள லித்தியம் மின்கலமும் உடைய கட்டடம் ஒன்றைக் கொள்வோம். இப்பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு தரும் என்பது பொதுவான கணிப்பு; ஆகவே நாளொன்றுக்கு 12 அலகு. ஆலைப் பணிமுறையின் காரணமாகப் பகல் பயன்பாடு குறைவு, 4 அலகு மட்டுமே. மாலையும் இரவும் சேர்த்து 7 அலகு. மின்கலத்தில் அன்றாடம் பயன்படுத்தத்தக்கது 4 அலகு. மின்கலத்துள் புகுந்து வெளிவருவதில் சுமார் 15 விழுக்காடு இழக்கப்படுவதால், 4 அலகு பெற 4.7 அலகு செலுத்த வேண்டும்.

தற்பயன்பாட்டு முறையில் 12 அலகில் 4 நேரடியாகச் செலவாகும், 4.7 மின்கலத்துக்குப் போகும், 3.3 அலகு வெளியே செல்லும். இரவுத் தேவையான 7 அலகில் மின்கலம் 4 தர, 3 அலகு மின்வாரியத்திலிருந்து வரும். வெளியே அனுப்புவதை முன்னிறுத்தி மின்கலத்தைத் தொடாமல் விட்டால், 8 அலகு வெளியே சென்று 7 அலகு உள்ளே வரும்.

இக்கட்டடம் வீட்டு இணைப்பு உடையது எனில், முதல் முறையில் நாளொன்றுக்கு 0.3 அலகும், இரண்டாவதில் 1 அலகும் வரவாக நிற்கும். அதாவது மின்கலத்தை அன்றாடம் சுழற்றியதால் 0.7 அலகு நட்டம்; இரு மாதப் பட்டியலில் 42 அலகு. மின்வாரியமே இழப்பில்லாத மின்கலமாகச் செயல்படும்போது, சொந்த மின்கலத்தின் வழியே மின்சாரத்தைச் சுற்றிவிடுவதில் பயன் இல்லை. நிகர அளவீடு பெற்ற வீட்டில் தற்பயன்பாட்டு முறையை வைத்துவிட்டு, மின்வாரியத்திலிருந்து எடுப்பது குறைந்ததாகத் திரையில் கண்டு மகிழ்பவர், பட்டியலில் அதன் பயனைத் தேடிக் காண மாட்டார்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளம் இரவுப் பணி முடித்து வருவோருக்கான சிற்றுணவகமாக இருந்து, வணிக இணைப்பும் நிகர ஊட்டு முறையும் பெற்றிருந்தால் கணக்கு தலைகீழாகிறது. எடுக்கும் அலகு 8 ரூபாய், கொடுக்கும் அலகு 3 ரூபாய் எனக் கணக்குக்காகக் கொள்வோம். தற்பயன்பாட்டு முறையில் 24 ரூபாய் செலவு, ஏறத்தாழ 10 ரூபாய் வரவு. நிகரச் செலவு 14 ரூபாய். மற்ற முறையில் 56 ரூபாய் செலவு, 24 ரூபாய் வரவு. நிகரச் செலவு 32 ரூபாய். நாளொன்றுக்கு 18 ரூபாய் வேறுபாடு, இரு மாதத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தகடும் ஒன்று, மின்கலமும் ஒன்று, மின் பயன்பாடும் ஒன்று. மின்மானியின் விதி மட்டுமே வேறு.

மின்கலத் தேய்மானம்

மேற்கண்ட கணக்கில் மின்கலத்தின் விலை சேர்க்கப்படவில்லை. ஒரு லட்சம் ரூபாய் விலையுள்ள மின்கலம் 5,000 சுழற்சிகள் தாங்கும் எனவும், ஒவ்வொரு சுழற்சியிலும் 4 அலகு தரும் எனவும் கொண்டால், அதன் வாழ்நாளில் 20,000 அலகு கிடைக்கும். அலகுக்கு 5 ரூபாய் தேய்மானம். உணவகத்தின் எடுத்துக்காட்டில் மின்கலம் தரும் ஒவ்வோர் அலகும் மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 4 ரூபாய் 50 காசு. அதாவது கட்டணச் சேமிப்புக்காக மட்டுமே புதிதாக மின்கலம் வாங்குவது கையைக் கடிக்கும்.

ஆனால் மின்தடைக்காக மின்கலம் ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. நாளுக்கு ஒரு சுழற்சி வீதம் பத்தாண்டுகளில் 3,650 சுழற்சிகளே ஆகும். லித்தியம் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதால் திறன் இழக்கிறது. சுழற்சிகள் தீருமுன் ஆண்டுகள் தீர்ந்துவிடக்கூடும். ஆகவே வாங்கிய மின்கலத்தை நிகர ஊட்டு இணைப்பில் சும்மா வைத்திருப்பதே வீண்.

உயரழுத்த ஆலைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலை 6 முதல் 10 மணி வரையும், மாலை 6 முதல் 10 மணி வரையும் உச்ச நேரக் கட்டணமாக 25 விழுக்காடு கூடுதலாக வசூலிக்கவும், இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி வழங்கவும் வகை செய்யப்பட்டது. இரவில் மின்னேற்றி உச்ச நேரத்தில் செலவிட்டால் இலாபம் என விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. அடிப்படை விலை 7 ரூபாய் எனில், தள்ளுபடிக்குப் பின் 6.65 ரூபாய்க்கு வாங்கிய மின்சாரம் மின்கல இழப்பைக் கடந்து வெளிவரும்போது 7.82 ரூபாய் ஆகிறது, மிச்சப்படுத்துவது 8.75 ரூபாய். அலகுக்கு 93 காசு இலாபம், மேலே கண்ட தேய்மானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட ஈடுசெய்யாது. விலைமலிவான நண்பகல் உபரியை மாலைக்குத் தள்ளுவது வேறு கதை. ஆனால் பகலிலேயே தன் சூரிய மின்சாரம் முழுவதையும் விழுங்கிவிடும் ஆலையில் அத்தகைய உபரி இருப்பதில்லை.

மின்தடையும் சேமிப்பு எல்லையும்

வீட்டு இணைப்பில் கட்டணக் கணக்கு மின்கலத்துக்கு எதிராக இருப்பதால், அங்கு மின்கலத்தின் ஒரே நியாயம் மின்தடையே. மின்கலமற்ற சாதாரண சூரிய இன்வெர்ட்டர் மின்தடையின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் பொருட்டு, வழங்கல் நின்ற கம்பியில் மின்சாரம் செலுத்தாதிருத்தல் அதற்குக் கட்டாயம். இதற்கான இந்தியத் தரம் IS 16169. கலப்பு இன்வெர்ட்டரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டு வெளிக்கம்பியைத் துண்டித்துக்கொள்கிறது. ஆனால் அதன் காப்பு முனையில் இணைக்கப்பட்ட சுமைகளுக்கு மட்டும் தொடர்ந்து மின்சாரம் தருகிறது. குளிர்பெட்டி காப்பு முனைக்குக் கம்பியிடப்படாமல் இருந்தால் எந்த முறையாலும் அதனை ஓட்ட இயலாது.

இவ்விடத்தில் முறையைக் காட்டிலும் முக்கியமானது, மின்கலம் எந்த அளவுக்குக் கீழ் வற்றக்கூடாது என்ற சேமிப்பு எல்லை. தற்பயன்பாட்டு முறையில் இந்த எல்லை பெரும்பாலும் 10 அல்லது 20 விழுக்காடு என்ற தொடக்க அமைப்பிலேயே விடப்படுகிறது. இரவு 11 மணிக்கு மின்தடை ஏற்பட்டால், மாலை முழுவதும் வீட்டை ஓட்டிய மின்கலம் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். மின்விசிறிகள், விளக்குகள், குளிர்பெட்டி ஆகியவை சேர்ந்து 400 வாட் எடுக்கும் வீட்டில், நிறைந்த மின்கலத்தின் 4 அலகு 10 மணி நேரம் வரும். பாதி இருப்பு 5 மணி நேரம் வரும். அன்றாடம் ஓரிரு மணி நேரத் தடை மட்டுமே உள்ள இடத்தில் எல்லையை 50 விழுக்காட்டில் வைப்பது போதுமானது.

ஆண்டு முழுவதும் மின்கல முன்னுரிமையில் வைத்து எப்பொழுதும் நிறைத்தே வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கோடை வெப்பத்தில் முழு மின்னேற்ற நிலையில் நிற்கும் லித்தியம் மின்கலம் விரைவாக மூப்படைகிறது. மாடிப்படிக்கு மேலுள்ள தகரக் கூரையின் கீழ் பொருத்தியிருந்தால் இன்னும் விரைவாக. எனவே பருவத்துக்கேற்ப மாற்றுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் மின்கல முன்னுரிமைக்கு மாற்றி, மின்வாரிய மின்சாரத்தால் நிரப்ப அனுமதிக்கலாம். குரோவாட் கருவியில் இதற்கு AC Charge என்ற தெரிவையும் இயக்க வேண்டும். இல்லையெனில் மேகமூட்டத்தில் மின்கலம் நிறையாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் முதல் இரவைக் கடக்க உதவுவது புயலுக்கு முந்தைய மாலையில் மின்கலத்தில் இருந்த இருப்பே.

பிழைகளும் அவற்றைக் கண்டறிதலும்

முறை சரியாகத் தேரப்பட்டும் கருவி எதிர்பார்த்தபடி நடக்காமைக்கு முதன்மைக் காரணம், மின்மானியை அடுத்துக் கம்பியைச் சுற்றிக் கவ்வியிருக்கும் மின்னோட்ட உணரி ஆகும். மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே செல்கிறதா என்பதை இன்வெர்ட்டர் இவ்வுணரி வழியாகவே அறிகிறது. உணரி திசை மாறிப் பொருத்தப்பட்டால், வெளியே செல்வது உள்ளே வருவதாகத் தெரியும். அதை ஈடுகட்ட எண்ணி இன்வெர்ட்டர் மின்கலத்தை மேலும் வெளியேற்றும். அதனால் வெளியே செல்வது மேலும் கூடும். இன்வெர்ட்டர் இன்னும் வெளியேற்றும். இரவில் மின்மானியின் ஏற்றுமதிக் கணக்கு கூடிக்கொண்டிருந்தால் இப்பிழையைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளியது. சூரியன் மறைந்த பின், மின்கல வெளியேற்றத்தை நிறுத்திவைத்து, 1 கிலோவாட் அளவுள்ள துணித்தேய்ப்புப் பெட்டி ஒன்றை இயக்க வேண்டும். திரையில் மின்வாரியத்திலிருந்து எடுக்கும் திறன் ஏறத்தாழ 1 கிலோவாட் கூட வேண்டும். ஏற்றுமதி எனக் காட்டினால் உணரியைத் திருப்பி மாட்ட வேண்டும். எதுவுமே மாறவில்லை எனில் உணரி வேறு கட்டக் கம்பியில் கவ்வியிருக்கக்கூடும். மூன்று கட்ட இணைப்புள்ள பட்டறைகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. அங்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

மற்றொரு பிழை நண்பகலில் தோன்றுவது. மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள இணைப்புகளில், வீட்டுச் சுமை குறைந்து பல மாடிகளிலிருந்தும் மின்சாரம் வெளியே செல்லும்போது மின்னழுத்தம் உயர்கிறது. அனுமதித்த எல்லையைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் AC V Outrange என்பது போன்ற செய்தியைக் காட்டித் துண்டித்துக்கொள்ளும். அந்நேரத்துச் சூரிய மின்சாரம் வீணாகிறது. செயலியில் நண்பகல் மின்னாக்க வளைகோடு மலை உச்சிபோல் வளையாமல், பல்வரிசைபோல் ஏறி இறங்கினால் இதுவே காரணமாக இருக்கும். முதலில் இன்வெர்ட்டருக்கும் மின்மானிக்கும் இடையிலான கம்பியின் தடிப்பைச் சரிபார்த்து, அதில் குறை இல்லையெனில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மின்மாற்றியின் அழுத்த நிலையைக் குறைக்கக் கோரலாம். அதுவரை, நிகர அளவீடு பெற்ற வீட்டிலும் தற்பயன்பாட்டு முறை பயன் தரும். வெளியே செல்ல முடியாத உபரியை நண்பகலில் ஏற்றுக்கொள்ள மின்கலத்தில் இடம் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள ஒரே நிபந்தனை. காலை 10 மணிக்கே மின்கலம் நிறைந்துவிடுமானால், மின்னேற்றத்தின் உச்ச வீதத்தைக் குறைத்து நண்பகல்வரை நீளச்செய்யலாம்.